‘டெல்வ்’ என்று எழுதினால் அது மெஷின் எழுதியதா?

வாட்ஸப் குரூப்களில் ஒரு லிஸ்ட் சுற்றுகிறது. துருவி ஆராய்வதைச் சொல்கிற டெல்வ், மெட்டிகுலஸ், இன்ட்ரிகேட், ஷோகேஸிங், அண்டர்ஸ்கோர்ஸ் என்று பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்கள், கீழே ஒரு வரி: “இதில் ரெண்டு வந்தாலே ஏஐ எழுதினது.” கீழக்கரையிலிருந்து மண்டபம் வரைக்கும் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் திருத்துகிற பல பேர் இதை போனில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் வட்டம் போடுகிறார்கள். ஒருத்தர் போட்ட வட்டத்தை வைத்து இன்னொருத்தர் மார்க் குறைக்கிறார்.

அந்த லிஸ்ட் கட்டுக்கதை இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். உருவானபோது அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் அது எதை அளந்தது, எந்த வருஷம் அளந்தது, யாருடைய எழுத்தில் அளந்தது என்கிற மூன்றும் கழன்று விழுந்து வெறும் சொற்கள் மட்டும் ஊர் சுற்றுகின்றன.

கல்லி வல்லி சொன்னவரெல்லாம் துபாய் போனவரா?

நம்ம பக்கம் பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி, கீழக்கரை என்று எங்கே போனாலும் வளைகுடா போய் வந்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வருகிற ஒன்று “கல்லி வல்லி”. விடு, போகட்டும், கண்டுக்காதே என்கிற மாதிரி அங்கே புழங்குகிற பேச்சு. முன்பெல்லாம் டீக்கடையில் ஒருத்தர் கல்லி வல்லி என்றால் ஆள் சபர் போய் வந்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அது ஏன் சரியாக இருந்தது? போய் வந்தவர்கள் அதைச் சொன்னார்கள் என்பது பாதிக் காரணம்தான். போகாதவர்கள் சொல்லவே இல்லை என்பது மீதிப் பாதி, இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இப்போது பாஸ்போர்ட்டே எடுக்காத பள்ளிக்கூடப் பையன் கேரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் தவறினால் கல்லி வல்லி என்கிறான், அண்ணனிடம் கேட்டது, மாமாவிடம் கேட்டது, ரீல்ஸில் கேட்டது. இன்னொரு பக்கம், ஊரில் கிண்டல் செய்கிறார்கள் என்று போய் வந்தவரே அதை விட்டுவிடுகிறார். சொல் அப்படியே இருக்கிறது. அதை வைத்து ஆளை அடையாளம் காண்பதுதான் முடியாமல் போய்விட்டது.

இதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்வோம்: அடையாள விகிதம். ஒரு சொல் ஒரு கூட்டத்தில் எவ்வளவு வருகிறது, மற்றக் கூட்டத்தில் எவ்வளவு வருகிறது, முன்னதைப் பின்னதால் வகுத்தால் கிடைப்பது. விகிதம் பெரிதாக இருந்தால் சொல் துப்புக் கொடுக்கும். ஒன்றை நெருங்கினால் அந்தச் சொல்லால் ஒரு பிரயோஜனமும் இல்லை. கட்டுரையில் மீதி எல்லாமே இந்த விகிதம் எப்படிச் சரிகிறது என்பதுதான்.

லிஸ்ட் எங்கிருந்து வந்தது

சாட்ஜிபிடி பொதுவெளிக்கு வந்தது 2022 நவம்பர் 30. அது ஒரு மொழி மாதிரி, அதாவது மலையளவு எழுத்தைப் படித்து, ஒரு வரியில் அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்தே எழுதுகிற மென்பொருள்.

அது வந்த பிறகு மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களில் சில சொற்கள் திடீரென்று எகிறியதைப் பலர் கவனித்தார்கள். அதைச் சரியாக எண்ணிப் பார்த்தவர்களில் டிமித்ரி கோபக் என்கிற ஆய்வாளரின் குழு முக்கியமானது. 2010 முதல் 2024 வரை பப்மெட் என்கிற மருத்துவ ஆய்வுக் களஞ்சியத்தில் வந்த ஒன்றரைக் கோடி அளவிலான சுருக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். வழி எளிமையானது. கோவிட் காலத்தில் “வழக்கமாக இத்தனை பேர் இறப்பார்கள், இந்த வருஷம் இத்தனை பேர் கூடுதல்” என்று கணக்குப் போட்டார்கள் இல்லையா, அதையே சொற்களுக்குச் செய்தார்கள். பழைய வருஷங்களின் போக்கை நீட்டிப் பார்த்தால் 2024-இல் டெல்வ்ஸ் என்கிற சொல் இவ்வளவுதான் வந்திருக்க வேண்டும், உண்மையில் வந்தது எவ்வளவு? இருபது மடங்குக்கும் மேல்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கோவிட் வந்தபோதும் சொற்கள் எகிறின, ஆனால் அவை மாஸ்க், லாக்டவுன் மாதிரி பொருளைச் சொல்கிற பெயர்ச்சொற்கள். 2024-இல் எகிறியவை பெரும்பாலும் வினைச்சொற்களும் பெயரடைகளும். உலகத்தில் புதிதாக எதுவும் நடக்காமலேயே, எழுதுகிற தோரணை மட்டும் மாறியிருந்தது. அதிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு, 2024-இல் வந்த சுருக்கங்களில் குறைந்தது 13.5 சதவீதமாவது மொழி மாதிரியின் கை பட்டவை என்பது.

இந்த முடிவு ஒரு கூட்டத்தைப் பற்றியது. லட்சக்கணக்கான சுருக்கங்களில் எவ்வளவு பங்கு என்று அது சொல்கிறது, இந்த ஒரு சுருக்கம் மெஷின் எழுதியதா என்று சொல்வதில்லை. ஆய்வு செய்தவர்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. நாமாகத்தான் அதைத் தனி ஆள் மேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தோம்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: லிஸ்ட் என்பது ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட வகை எழுத்தில், கூட்டமாக எடுத்த அளவு.

மெஷினுக்கு அந்தச் சொல் மேல் என்ன ஆசை?

ஆசை ஒன்றும் இல்லை. மொழி மாதிரிக்கு இரண்டு கட்டப் பயிற்சி உண்டு. முதலில் எழுத்துக் குவியலைப் படிக்கும். அப்புறம் மனிதர்கள் அதன் பதில்களைப் பார்த்து இது நல்லாயிருக்கு, அது வேண்டாம் என்று தேர்ந்தெடுப்பார்கள், அந்தத் தேர்வுக்கு ஏற்ப அது வளையும். இந்த இரண்டாவதைப் பின்னூட்டப் பயிற்சி என்போம். கொஞ்சம் முறைப்பான, பரீட்சைத்தாள் வாடையடிக்கிற பதில்களுக்குச் சற்றே கூடுதல் ஆதரவு கிடைத்தால்கூடப் போதும், அது கோடிக்கணக்கான பதில்களில் பெருகிவிடும். டெல்வ் எகிறியதற்கு இந்தப் பின்னூட்டப் பயிற்சிதான் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகிக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள்.

மெஷின் எந்தச் சொல்லையும் கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாம் மனிதர்கள் எழுதியவையே, அளவுதான் மாறியது. 2024 ஏப்ரலில் பால் கிரகாம் என்கிற முதலீட்டாளர், தனக்கு வந்த ஒரு மெயிலில் டெல்வ் இருந்ததை வைத்து அது சாட்ஜிபிடி எழுதியது என்கிற மாதிரி ட்விட்டரில் எழுதப்போய், நைஜீரியர்கள் பிடித்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் ஆங்கிலத்தில் இது சாதாரணச் சொல், பள்ளிக்கூடத்திலேயே இப்படித்தான் எழுதுவோம் என்று. அதாவது அமெரிக்காவில் பெரிதாக இருந்த அடையாள விகிதம் நைஜீரியாவின் லாகோஸில் அப்போதே சின்னது. ஒரே நாளில், ஒரே சொல்லுக்கு, இரண்டு ஊரில் இரண்டு விகிதம்.

சொல் மனிதர் வாய்க்கு வந்தது

பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் ஒரு குழு, மக்கள் எழுதுவதை விட்டுவிட்டுப் பேசுவதை எடுத்துக்கொண்டது. மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட யூடியூப் கல்வி உரைகள், ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட பாட்காஸ்ட் உரையாடல்கள். சாட்ஜிபிடி விரும்பிப் பயன்படுத்துகிற டெல்வ், காம்ப்ரிஹெண்ட், ஸ்விஃப்ட், மெட்டிகுலஸ் மாதிரியான சொற்கள், அது வெளிவந்த பிறகு மனிதப் பேச்சில் சட்டென்று கூடியிருப்பதைப் பார்த்தார்கள்.

உரை என்றால் மெஷின் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து வாசித்திருக்கலாமே என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. அதனால்தான் பாட்காஸ்ட் முக்கியம். இரண்டு பேர் உட்கார்ந்து அரட்டை அடிக்கும்போது யாரும் தாளைப் பார்த்துப் படிப்பதில்லை.

நம்ம பக்கத்தில் இதற்கு ஆய்வு தேவையில்லை, பையன்களைப் பார்த்தாலே போதும். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளை, மெயில் எழுதவும் இன்டர்வியூவுக்குத் தயாராகவும் போனில் சாட்ஜிபிடியை வைத்துக்கொண்டு ஆறு மாசம் பழகினால், அவனுக்குக் கிடைத்த ஆங்கில வாத்தியார் அதுதான். வாத்தியார் சொன்ன சொல்லைப் பிள்ளை சொல்லும். பாம்பனில் படித்தாலும் பாரிஸில் படித்தாலும் மொழி அப்படித்தான் ஒட்டும். அது காப்பி இல்லை.

ஒரு ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. கடலோரத்துப் பெண்பிள்ளை ஒருத்தி, பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி எழுதியது. முதல் வரியிலேயே “திஸ் ப்ராஜெக்ட் டெல்வ்ஸ் இன்டு” என்று ஆரம்பித்திருந்தாள், எனக்கு முன்னால் பார்த்தவர் அதில் பெரிதாக வட்டம் போட்டிருந்தார். இரண்டு பக்கம் தள்ளிப் போனால், பாறையில் கை கிழியாமல் இருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொள்வது, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாசத்தில் பன்னிரண்டு நாள் அளவில் மட்டும் இறங்குவது, மரிக்கொழுந்துப் பாசிக்கும் கஞ்சிப் பாசிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தண்ணிக்குள் தொட்டே சொல்வது, தன் அப்பத்தா எந்தப் பாறையில் வழுக்கி விழுந்தாள் என்பது வரைக்கும் இருக்கிறது. அங்கே ஒரு வட்டமும் இல்லை. லிஸ்ட்டுக்கு வினைச்சொல் மட்டும்தான் தெரியும், அப்பத்தாவைத் தெரியாது. நேரில் கேட்டபோது “அந்த வேர்டு நல்லா இருந்துச்சு சார், ஏஐல பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்” என்றாள். வட்டம் போட்டவர் ஒரு விதத்தில் சரியாகவே மோப்பம் பிடித்திருக்கிறார், சொல் அங்கிருந்துதான் வந்திருக்கிறது. ஆனால் சொல் வந்த வழி வேறு, ரிப்போர்ட் வந்த வழி வேறு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எண்கள் புரிவதற்காக நானே வைத்தவை, எந்த ஆய்விலும் இருப்பவை இல்லை. 200 ரிப்போர்ட் என்று வையுங்கள். 40 மெஷின் எழுதியது, 160 பிள்ளைகள் தாங்களே எழுதியது.

முதல் வருஷம். மெஷின் எழுதிய 40-இல் 8 ரிப்போர்ட்டில் அந்தச் சொல் வருகிறது. பிள்ளைகள் எழுதிய 160-இல் 2-இல் வருகிறது. ஆக வட்டம் விழுவது 10 ரிப்போர்ட். அதில் 8 சரி, 2 தப்பு. லிஸ்ட் நல்லா வேலை செய்கிறது என்று ஸ்டாஃப் ரூமில் பெயர் வாங்கிவிடும். 40-இல் 32 தப்பித்துப் போனதை யாரும் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

இரண்டு வருஷம் கழித்து. மெஷினின் புது வடிவம் அந்தச் சொல்லைக் குறைத்துவிட்டது, 40-இல் 2 ரிப்போர்ட்டில்தான் வருகிறது. பிள்ளைகள் பழகிவிட்டார்கள், 160-இல் 8 பேர் எழுதுகிறார்கள். இப்போதும் வட்டம் விழுவது 10 ரிப்போர்ட்தான். ஆனால் 2 சரி, 8 தப்பு.

லிஸ்ட்டுக்கு வயசாகிவிட்டது என்று திருத்துகிறவருக்கு எந்த அறிகுறியும் கிடைக்காது, ஏனென்றால் அவர் கண்ணுக்குத் தெரிவது பத்து வட்டம் மட்டுமே. போன தடவையும் பத்து, இந்தத் தடவையும் பத்து. பூட்டு கெட்டுப்போனால் கதவு திறந்துகொள்ளும், தெரிந்துவிடும். இது கெட்டுப்போனாலும் முன்பு மாதிரியே வட்டம் போட்டுக்கொண்டே இருக்கும்.

அடையாள விகிதமாகச் சொன்னால், முதல் வருஷம் மெஷின் பக்கம் 20 சதவீதம், பிள்ளைகள் பக்கம் 1.25 சதவீதம், விகிதம் 16. இரண்டாவதில் இரண்டு பக்கமும் 5 சதவீதம், விகிதம் 1. அந்தச் சொல்லைத் தேடுவதும் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தாளை உருவுவதும் ஒன்றுதான்.

வெளியில் சொன்னதுமே கெட்டுப்போகிற லிஸ்ட்

மனிதர்கள் பழகிக்கொள்வது மெதுவாக நடக்கும். லிஸ்ட்டை வேகமாகக் கொல்வது அது பிரபலமாவதுதான். டெல்வ் பற்றி 2024 தொடக்கத்தில் பரவலாகப் பேச்சு வந்ததும், ஆய்வுக் கட்டுரைகளை முன்கூட்டியே வெளியிடும் ஆர்க்சைவ் தளத்தின் சுருக்கங்களில் அந்தச் சொல் குறைய ஆரம்பித்ததை கெங், ட்ரோட்டா என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதே காலத்தில் சிக்னிஃபிகண்ட் மாதிரி யாரும் சந்தேகப்படாத, மெஷினுக்குப் பிடித்த சாதாரணச் சொற்கள் கூடிக்கொண்டே போயின. மெஷினை விட்டுவிட்டார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. எழுதி வாங்கி, டெல்வை மட்டும் அழித்துவிட்டு அனுப்புகிறார்கள் என்பதே பொருத்தமான விளக்கம்.

அப்போது லிஸ்ட்டில் மாட்டுவது யார்? லிஸ்ட் இருப்பதே தெரியாதவர்கள். மெஷினைக் கொண்டு முழு ரிப்போர்ட்டையும் எழுதிவிட்டு லிஸ்ட்டைப் பார்த்துச் சுத்தம் செய்கிற கெட்டிக்காரப் பையன் தப்பிப்பான். தானே எழுதி, ஒரு நல்ல சொல்லை ஆசையாகச் சேர்த்த பிள்ளைக்கு வட்டம் விழும்.

அதோடு ஆங்கிலத்தைப் பாடமாகப் படித்தவர்கள் மேல் இந்த மாதிரிச் சோதனைகள் இயல்பாகவே கூடுதலாகப் பாயும். 2023-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு ஒன்று, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கண்டறியும் மென்பொருள்களில் போட்டுப் பார்த்தது. சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை மெஷின் எழுதியது என்று அவை சொல்லின. அவை சொல் லிஸ்ட் பார்க்கிறவை இல்லை, அடுத்த சொல் எவ்வளவு எளிதாக ஊகிக்க முடிகிறது என்று பார்ப்பவை, ஆனால் மாட்டுகிற ஆள் ஒன்றுதான்: தெரிந்த சில சொற்களை வைத்துப் பத்திரமாக எழுதுகிறவர்.

சுருக்கமாக: மெஷின் பக்கம் அந்தச் சொற்கள் குறைகின்றன, மனிதர் பக்கம் கூடுகின்றன, நடுவில் லிஸ்ட்டைப் படித்தவர்கள் கழுவித் துடைத்துவிடுகிறார்கள். மூன்றும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

தமிழ் லிஸ்ட்டும் வந்துவிட்டது

முக்கியப் பங்கு வகிக்கிறது, சான்றாகத் திகழ்கிறது, இன்றியமையாதது, என்றால் அது மிகையாகாது. இவை இருந்தால் ஏஐ தமிழாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. “என்றால் அது மிகையாகாது” என்று சொல்லாமல் நம்ம ஊரில் எந்த ஆண்டுவிழா மேடையிலாவது மைக்கைக் கீழே வைத்திருக்கிறார்களா? பத்தாம் வகுப்புப் பொதுக்கட்டுரையில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பிரித்து எழுதிய ஒவ்வொருவரும் முக்கியப் பங்கு வகித்தவர்களே. மெஷின் அதை நம்மிடம்தான் எடுத்தது.

எந்த லிஸ்ட் கைக்கு வந்தாலும் அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 2022 நவம்பருக்கு முன்னால் எழுதியதை எடுங்கள். கல்லூரி ஆண்டு மலர், பழைய ப்ராஜெக்ட் ரிப்போர்ட், எது கிடைத்தாலும் சரி. சாட்ஜிபிடி எழுதியிருக்கவே முடியாத தாள்கள் அவை. லிஸ்ட்டை அதன் மேல் ஓட்டுங்கள். அங்கே விழுகிற ஒவ்வொரு வட்டமும் தப்பு வட்டம். அந்தத் தமிழ் லிஸ்ட்டைப் பழைய ஆண்டு மலர் ஒன்றில் ஓட்டிப் பார்த்தேன். முதல்வர் வாழ்த்துரையே மாட்டிக்கொண்டது.

ஆனால் இந்தச் சோதனைக்கும் ஒரு ஓட்டை உண்டு. 2015-இல் பிள்ளைகள் எப்படி எழுதினார்கள் என்றுதான் பழைய தாள் சொல்லும், மெஷினோடு இரண்டு மூன்று வருஷம் பழகிய பிள்ளை இன்று எப்படி எழுதுகிறது என்று சொல்லாது. டெல்வ் பழைய தாளில் அபூர்வமாகவே இருக்கும், அதை நம்பி லிஸ்ட் சரி என்று முடிவு கட்டினால் மேலே பார்த்த எட்டுத் தப்பில்தான் போய் நிற்போம்.

இன்றைய மனித எழுத்து, மெஷின் கை படாதது என்று உறுதியாகச் சொல்ல முடிவது எங்கே இருக்கிறது? தேர்வுக்கூடத்தில். போனை வெளியே வைத்துவிட்டு மூன்று மணி நேரம் பேனாவால் எழுதிய விடைத்தாள். ரிப்போர்ட்டில் வட்டம் போடுவதற்கு முன்னால், அதே வகுப்பின் விடைத்தாள் கட்டைப் பிரித்து, உங்கள் லிஸ்ட்டில் உள்ள சொற்கள் எத்தனை தாளில் வருகின்றன என்று எண்ணுங்கள். அவசரத்தில் எழுதுகிற விடைத்தாளில் அலங்காரச் சொல் குறைவாகவே வரும் என்பதால், கிடைக்கிற எண் உண்மையைவிடக் கொஞ்சம் கம்மியாகவே இருக்கும். அப்படியும் எந்தச் சொல் அங்கே நாலைந்து தாளில் தலைகாட்டுகிறதோ, அதை லிஸ்ட்டிலிருந்து அடித்துவிடலாம். அடுத்த செமஸ்டரில் மறுபடியும் எண்ண வேண்டியிருக்கும்.